குழந்தை சரியாகச் சொன்னதை ஆப் ஏன் தவறு என்கிறது?

ஆங்கிலம் கற்கும் எட்டு வயதுக் குழந்தை, உச்சரிப்புப் பயிற்சி தரும் ஆப்பில் "ஷிப்" என்று தெளிவாகச் சொல்கிறது. திரையில் சிவப்பு. மறுபடி சொல்கிறது, மறுபடியும் சிவப்பு. பக்கத்தில் இருக்கும் அப்பா அதே சொல்லைச் சற்றுக் கரடுமுரடாகச் சொன்னதும் பச்சை விழுகிறது. அப்பாவின் உச்சரிப்பு மேலானது என்று இதற்குப் பொருளில்லை. மென்பொருள் பழகியது அவரைப் போன்ற குரல்களோடு. அது எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்தால்தான் குழந்தையைத் திருத்துவதா, ஆப்பைச் சந்தேகிப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

## எழுதித் தருவது வேறு, மதிப்பெண் போடுவது வேறு

பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியையே பலர் உச்சரிப்புப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்கள். சொன்னது திரையில் சரியாக வந்தால் உச்சரிப்பும் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுதித் தரும் மென்பொருளின் வேலை பேசுபவரின் கருத்தைப் பிடிப்பது. காதில் விழுந்த ஒலியோடு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. "ஐ திங்க் ஸோ" என்பதற்குப் பதிலாக ஒருவர் "ஐ ஸிங்க் ஸோ" என்றாலும், அந்த இடத்தில் வரக்கூடிய சொல் எது என்று அதற்குத் தெரியும், திருத்தி எழுதிவிடும். அதாவது, நன்றாக எழுதித் தரும் மென்பொருள் உச்சரிப்புப் பிழையை மறைத்துவிடும். முழு வாக்கியமாகச் சொன்னால் இன்னும் அதிகமாக மறைக்கும்.

உச்சரிப்பை மதிப்பிடும் ஆப்பின் வேலை இதற்கு நேர் எதிரானது. சொல்ல வேண்டிய சொல் அதற்கு முன்பே தெரியும். சொன்ன விதம் எப்படி என்பதுதான் கேள்வி. பொதுவாக நடப்பது இது:

1. மைக்கில் விழும் ஒலி, நொடிக்கு 16,000 அளவீடுகளாகப் பதிவாகிறது.
2. அது சுமார் 25 மில்லிநொடி நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்த துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது.
3. எதிர்பார்க்கும் சொல்லின் ஒலிகள், இங்கே "ஷ்", "இ", "ப்", அந்தத் துண்டுகளின் மேல் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. எந்த ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.
4. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நிகழ்தகவுகள் பார்க்கப்படுகின்றன. இது எதிர்பார்த்த ஒலியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வேறு ஏதாவது ஒலியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் மதிப்பெண்.
5. மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் சிவப்பு.

பேச்சறி ஆராய்ச்சியாளர்கள் சில்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட "உச்சரிப்பின் நற்தன்மை" என்ற அளவுகோலின் சாரம் இதுதான். அதற்குப் பின் நரம்பு வலையமைப்புகள் வந்து கணக்கின் உள்ளே பல மாறின, ஆனால் நான்காம் படியின் யோசனை இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. குழந்தைக்குச் சிக்கல் தொடங்குவதும் அந்த நான்காம் படியில்தான். "எதிர்பார்த்த ஒலி" எப்படி இருக்கும் என்று மென்பொருள் எந்தக் குரல்களைக் கேட்டுக் கற்றது?

## தொண்டையின் நீளம்

குரல்நாண்கள் அதிர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. அந்த ஒலி தொண்டை, வாய் வழியாக உதடு வரை வரும்போது சில அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாகின்றன. இப்படித் தூக்கலாகும் இடங்களுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். நாக்கையும் தாடையையும் நகர்த்தும்போது ஃபார்மன்ட்கள் நகர்கின்றன. "இ"யை "எ"யிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஃபார்மன்ட்கள்தான்.

ஃபார்மன்ட் எங்கே விழும் என்பதை நாக்கின் இடம் மட்டும் முடிவு செய்வதில்லை, குழாயின் நீளமும் முடிவு செய்கிறது. குட்டைப் புல்லாங்குழல் நெட்டையானதைவிட உயர்ந்த சுரம் தருவது போலத்தான் இதுவும். வளர்ந்த ஆணின் குரல்பாதை சுமார் 17 செ.மீ., சிறு குழந்தையுடையது சுமார் 12 செ.மீ. ஒரு முனை மூடிய குழாயின் முதல் ஒத்ததிர்வு, ஒலியின் வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். நாக்கு நடுநிலையில் இருக்கும்போது அது ஆணுக்கு ஏறத்தாழ 515 ஹெர்ட்ஸ், குழந்தைக்கு ஏறத்தாழ 730 ஹெர்ட்ஸ். நாக்கின் நிலை ஒன்றுதான், ஒலி அலையில் மட்டும் இத்தனை வித்தியாசம்.

நிஜக் குரல்களின் அளவுகளையும் பார்த்துவிடலாம். 1952-இல் பெல் ஆய்வகத்தின் பீட்டர்சன், பார்னி இருவரும் 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகளின் அமெரிக்க ஆங்கில உயிரொலிகளை அளந்து சராசரிகளை வெளியிட்டார்கள். "ஷிப்", "ஷீப்", "பெட்" ஆகிய சொற்களில் வரும் மூன்று உயிரொலிகளுக்கு அவர்கள் தந்த முதல், இரண்டாம் ஃபார்மன்ட்கள் (ஹெர்ட்ஸில்):

| உயிரொலி | ஆண் | பெண் | குழந்தை |
|---|---|---|---|
| ஷீப் | 270, 2290 | 310, 2790 | 370, 3200 |
| ஷிப் | 390, 1990 | 430, 2480 | 530, 2730 |
| பெட் | 530, 1840 | 610, 2330 | 690, 2610 |

குழந்தை "ஷிப்" என்று பிழையின்றிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபார்மன்ட் 530. பெரியவர்களின் குரல் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அது ஆணின் "பெட்" உயிரொலியோடு அப்படியே ஒத்துப்போகிறது. இரண்டாவது ஃபார்மன்ட் 2730. அது பெண்ணின் "ஷீப்" உயிரொலியை ஒட்டி இருக்கிறது. ஒரு சாட்சி "எ" என்கிறது, இன்னொன்று நீண்ட "ஈ" என்கிறது, உண்மையில் சொல்லப்பட்ட குறுகிய "இ"யை யாரும் சொல்லவில்லை. நான்காம் படியில் எதிர்பார்த்த ஒலியின் வாய்ப்பு குறையும், அக்கம்பக்கத்து ஒலிகளின் வாய்ப்பு ஏறும். அதனால்தான் சிவப்பு.

இன்றைய மென்பொருள்கள் ஃபார்மன்டை இப்படித் தனியாக அளப்பதில்லை என்பது உண்மை. ஒலியின் முழு அதிர்வெண் படத்தையும் எடுத்துக்கொண்டு அதிலுள்ள அமைப்புகளைத் தாமே கற்கின்றன. ஆனாலும் எதைக் கேட்டுக் கற்றனவோ அதன் வரம்புக்குள்தான் நன்றாக வேலை செய்யும். ஆராய்ச்சியில் பெரிதும் பயன்பட்ட லிப்ரிஸ்பீச் தொகுப்பு (2015) ஏறத்தாழ 1,000 மணி நேரம் நீளும், தன்னார்வலர்கள் படித்த ஒலிநூல்களிலிருந்து எடுத்தது. படிப்பவர்கள் பெரியவர்கள். குழந்தைகளின் குரலைச் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், தனியுரிமைச் சட்டங்கள் கடுமையானவை, ஐந்து வயதுக் குழந்தையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வதும் லேசான காரியமில்லை. குழந்தைக் குரல் தொகுப்புகள் இல்லாமலில்லை, ஆனால் அளவில் சிறியவை.

இங்கே தமிழ் பேசுபவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. நமக்கு "இ"யும் "ஈ"யும் முக்கியமாக நேரத்தால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தின் "ஷிப்", "ஷீப்" இரண்டிலும் நாக்கின் உயரமும் வேறு, மேலே உள்ள அட்டவணையிலேயே அது தெரிகிறது. ஆகவே குழந்தை நேரத்தை மட்டும் நீட்டிக் குறைத்துச் சொன்னால் சிவப்பு நியாயமாகவே விழலாம். நியாயமான சிவப்பும் அநியாயச் சிவப்பும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும், தொல்லையே அதுதான்.

## உயர்ந்த குரலும் கத்தலும்

குழாயின் நீளத்தோடு சேர்ந்து இன்னொரு தடையும் உண்டு. குரல்நாண்கள் நொடிக்கு 120 முறை அதிர்ந்தால், அந்தக் குரலில் 120, 240, 360, 480, 600 என்று 120-இன் மடங்குகளில் மட்டுமே ஆற்றல் இருக்கும். ஃபார்மன்ட் எங்கே இருக்கிறது என்று அந்த மடங்குகளின் உயரத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். ஆண் குரலில் அவை நெருக்கமாக இருப்பதால் ஊகம் எளிது. குழந்தையின் குரல் 300 ஹெர்ட்ஸில் இருந்தால் மடங்குகள் 300, 600, 900. நாம் தேடும் 530 என்ற உச்சம் 300-க்கும் 600-க்கும் நடுவே விழுகிறது, அங்கே அளக்க ஒன்றுமே இல்லை. 600-தான் தூக்கலாகத் தெரியும், உச்சமே அங்கே இருப்பதாகக் கணக்கு வரும். பெண்ணின் "பெட்" உயிரொலி 610 என்று பார்த்தோம் அல்லவா, "ஷிப்" இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

சிவப்பு விழுந்ததும் குழந்தை என்ன செய்யும்? சத்தமாகச் சொல்லும். கத்தும்போது குரலின் அதிர்வெண் ஏறுகிறது, வாய் அகலத் திறப்பதால் முதல் ஃபார்மன்டும் ஏறுகிறது. இரண்டுமே மென்பொருளுக்குப் பழகிய இடத்தைவிட்டு இன்னும் விலக்கும். மூன்றாவது முயற்சி முதல் முயற்சியைவிட மோசமாக மதிப்பிடப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "சத்தமா சொல்லு" என்று பக்கத்திலிருந்து சொல்வது பெரும்பாலும் உதவாது. மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குரலில் சொல்லச் சொல்வதே நல்லது.

மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில புளூடூத் ஹெட்செட்கள் மைக்கை இயக்கும்போது நொடிக்கு 8,000 அளவீடுகள் என்ற பழைய தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். அப்போது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது. "ஸ்" ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது, குழந்தைகளிடம் இன்னும் மேலே. "ஸ்", "ஷ்", "ஃப்" மூன்றுக்கும் மட்டும் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் முதலில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, போனின் சொந்த மைக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

## சிவப்பை எவ்வளவு நம்பலாம்?

குழந்தையின் குரலில் தற்செயலான மாற்றமும் அதிகம். ஒரே சொல்லை ஐந்து வயதுக் குழந்தை பத்து முறை சொன்னால் நீளமும் ஃபார்மன்டும் ஒவ்வொரு முறையும் கணிசமாக மாறும். இந்த ஊசலாட்டம் வயது கூடக்கூடக் குறைந்து, சுமார் 12 வயதில்தான் பெரியவர்களின் அளவை நெருங்குகிறது. நடுவில் நிறுத்தி யோசிக்கும் பழக்கம் வேறு. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து மென்பொருள் பாதியிலேயே மைக்கை மூடிவிடும்.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். குழந்தை 100 ஒலிகள் சொல்கிறது, 90 சரி, 10 தவறு. ஆப் உண்மையான தவறுகளில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, சரியான ஒலிகளில் 20 சதவீதத்தைத் தவறு என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்ட தவறுகள் 8, அநியாயமாகச் சிவப்பானவை 18. மொத்தம் 26 சிவப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய். பிழையைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்று விளம்பரத்தில் போட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை பெரும்பாலும் சரியாகவே பேசுகிறது என்பதால், பொய்ச் சிவப்பின் விகிதம் சற்றே ஏறினாலும் அதுதான் திரையை நிரப்பும்.

எல்லையைத் தளர்த்தினால் பொய்ச் சிவப்பு குறையும், உண்மையான தவறுகளும் தப்பும். குழந்தைகளுக்கான பயிற்சியில் தளர்த்துவதே மேல் என்பது என் கருத்து. தப்பிய தவறை நாளைக்கு யாராவது திருத்தலாம். சரியாகச் சொன்னதைத் தவறென்றால், குழந்தை சரியான நாக்கு நிலையைக் கைவிட்டு, ஆப்பைத் திருப்திப்படுத்தும் ஏதோ ஒரு குரலைத் தேட ஆரம்பிக்கும். குரலைத் தடிமனாக்கிப் பேசினால் பச்சை விழுகிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளைகள், ஒரு விதத்தில் இந்தக் கட்டுரையில் சொன்ன இயற்பியலைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். உச்சரிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

## வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

பொய்ச் சிவப்பா, மெய்ச் சிவப்பா என்று அறிய நேரடியான வழி ஒன்று இருக்கிறது. குழந்தையின் ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் இறங்கும். நாக்கு செய்தது மாறாது, குழாய் மட்டும் நீண்டது போல ஆகும். `sox` என்ற இலவசக் கருவியில் இது ஒரே வரி:

```
sox child.wav slow.wav speed 0.8
```

மேலே உள்ள எண்களை 0.8-ஆல் பெருக்கிப் பார்ப்போம். குழந்தையின் "ஷிப்" 530, 2730 என்பது 424, 2184 ஆகிறது. ஆணின் 390, 1990-க்கும் பெண்ணின் 430, 2480-க்கும் நடுவே, சரியாக அந்த உயிரொலியின் வீட்டுக்குள். "ஷீப்" 370, 3200 என்பது 296, 2560 ஆகிறது. அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே. இரண்டு உயிரொலிகளும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. பேச்சறி ஆராய்ச்சியாளர்கள் பேசுபவரின் குரல்பாதை நீளத்துக்கு ஏற்ப அதிர்வெண் அச்சைச் சுருக்கியும் நீட்டியும் செய்துவரும் சரிக்கட்டலும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அவர்கள் நேரத்தை மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் மாற்றுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. "ஷிப்", "ஷீப்" போன்ற இணைச் சொற்களைக் குழந்தை கலந்து கலந்து, ஒவ்வொன்றும் ஐந்தாறு முறையாவது சொல்லட்டும். அமைதியான அறையில் பதிவு செய்யவும். தனிச் சொற்களாகவே இருக்கட்டும், வாக்கியமானால் மென்பொருள் ஊகித்துக்கொள்ளும்.
2. பதிவை ஸ்பீக்கரில் ஓட்டி ஆப்புக்குக் கேட்கச் செய்யவும். முதலில் அசல் வேகத்தில், அப்புறம் `sox` மாற்றித் தந்த 0.8 வேகத்தில். முடிந்தால் 0.85-லும்.
3. அசலில் சிவப்பு, மெதுவானதில் பச்சை என்றால் குறை குழந்தையின் நாக்கில் இல்லை, ஆப்பின் பழக்கத்தில் இருக்கிறது.
4. இரண்டிலும் அதே ஒலிக்குச் சிவப்பு என்றால் அந்த ஒலியைக் கவனிக்க வேண்டும். அந்த மொழியை நன்கு பேசும் ஒருவரிடம் பதிவைத் தந்து, எந்தச் சொல் என்று முன்கூட்டிச் சொல்லாமல், காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லலாம்.
5. ஆப்பையும் சோதிக்கவும். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே "ஷீப்" என்ற இடத்தில் "ஷிப்" சொல்லட்டும். அதற்கும் பச்சை விழுந்தால் அந்த ஆப் உச்சரிப்பைப் பார்க்கவே இல்லை, சொல்லை ஊகிக்கிறது.

இந்தச் சோதனைக்கு வரம்புகள் உண்டு. 0.8 வேகத்தில் ஒலியின் நீளம் கால்பங்கு கூடும். நீளத்தையும் மதிப்பிடும் ஆப் "ஷிப்"பை "ஷீப்" என்று தவறாகப் பிடிக்கலாம், அதனால்தான் இரண்டு சொல்லையும் கலந்து சோதிப்பது. ஸ்பீக்கரின் தரமும் இடையில் புகும். ஆகவே முதலில் பெரியவரின் பதிவை அதே ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்து, அது பச்சையாக வருகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. முன்பற்கள் விழுந்திருக்கும் வயதில் "ஸ்" மாறுவதை எந்த வேகமும் சரி செய்யாது. ஆங்கிலத்தின் "ர்" போன்ற ஒலிகள் அந்த மொழியில் பிறந்த குழந்தைகளுக்கே ஏழெட்டு வயது வரை முழுதாகப் படியாமல் "வ்" பக்கம் சாய்வதுண்டு. அப்படிப்பட்ட ஒலிக்கு விழும் சிவப்பு மெய்யாகவே இருந்தாலும், அதை வற்புறுத்தித் திருத்தும் அவசரம் இல்லை.

பதின்ம வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் 0.8 என்ற எண்ணும் உதவாது. குரல் ஒரே வாக்கியத்துக்குள் மேலும் கீழும் தாவும், குரல்பாதையோ அதற்குள் கணிசமாக நீண்டிருக்கும். அவர்களுக்கு 0.9-இலிருந்து தொடங்கி, அசல் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருத்தமாக இருக்கும்.